படி வைத்த கேன்டிலீவரின் நுனிச் சாய்வும் இறக்கமும்: மொமென்ட் ஏரியா முறையில் முழுக் கணக்கு

சென்னையில் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் இந்தப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரே குறுக்குவெட்டு உள்ள கேன்டிலீவர் என்றால் பெரும்பாலோர் தடையில்லாமல் போட்டுவிடுகிறார்கள். நடுவில் ஓர் இடத்தில் I மாறியதும் அதே மாணவர்கள் தடுமாறுகிறார்கள். தடுமாறும் இடங்களும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்து, எந்த வரிசையில் செய்ய வேண்டும், ஏன் அந்த வரிசை என்று கடைசிவரை எழுதுகிறேன்.

## 1. எடுத்துக்கொள்ளும் கணக்கு

மயிலாப்பூர் பக்கம் பழைய வீடு ஒன்றில் மாடி பால்கனியைத் தாங்க ஸ்டீல் பீம் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 2.5 மீட்டர் வெளியே நீள்கிறது. நுனியில் குறுக்கே ஓடும் பீம் வழியாக 6 கிலோநியூட்டன் சுமை, அதாவது ஆட்கள் நடமாடுவதால் வரும் லைவ் லோடு, இறங்குகிறது.

பீம் ஐ.எஸ்.எம்.பி. 150. அதன் I 726.4 செ.மீ⁴. இதை வெறுமனே வைத்தால் நுனி இறக்கம் PL³/3EI, அதாவது 21.5 மி.மீ. வருகிறது. ஐ.எஸ். 800 : 2007-இன் 6-ஆம் பட்டியல், விரிசல் பயம் இல்லாத தளத்தின் கேன்டிலீவருக்கு லைவ் லோடில் நீளத்தில் 150-இல் ஒரு பங்கு இறக்கத்தை அனுமதிக்கிறது. இங்கே அது 16.7 மி.மீ. ஆக, வெறும் பீம் போதாது.

சுவரை ஒட்டிய 1 மீட்டருக்கு மேலும் கீழும் 80 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன் பிளேட்டை வெல்டு செய்கிறார்கள். அந்தப் பகுதியின் I சுமார் 1526 செ.மீ⁴ ஆகிறது, அதாவது 2.1 மடங்கு. கைக்கணக்குக்கு 2 மடங்கு என்று எடுத்துக்கொள்வோம். I-ஐக் குறைத்து எடுப்பதால் கிடைக்கும் இறக்கம் கொஞ்சம் கூடுதலாக வரும். அது பாதுகாப்பான பக்கம்தான்.

கேள்வி இதுதான்: பிளேட் வைத்த பிறகு நுனியில் சாய்வு எவ்வளவு, இறக்கம் எவ்வளவு?

## 2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புள்ளிகளுக்குப் பெயர் வையுங்கள். சுவரில் பிடிப்பு முனை A, பிளேட் முடியும் இடம் B, நுனி C. AB = 1 மீ., BC = 1.5 மீ. AB-யில் 2I, BC-யில் I. இந்த நான்கு விவரங்களையும் படத்திலேயே எழுதிவிடுங்கள். எந்தப் பகுதி 2I என்பதைத் தலையில் மட்டும் வைத்துக்கொண்டு போனால், பாதி வழியில் மாறிவிடும்.

இரண்டு தேற்றங்கள் தேவை. முதல் தேற்றம்: இரு புள்ளிகளுக்கு இடையே சாய்வு எவ்வளவு மாறுகிறதோ, அது அந்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட M/EI வரைபடத்தின் பரப்புக்குச் சமம். இரண்டாம் தேற்றம்: ஒரு புள்ளியில் போட்ட தொடுகோட்டிலிருந்து இன்னொரு புள்ளி எவ்வளவு விலகியிருக்கிறதோ, அது இடைப்பட்ட M/EI பரப்பை அந்த இன்னொரு புள்ளியைச் சுற்றி எடுத்த மொமென்டுக்குச் சமம்.

இரண்டாம் தேற்றத்தின் கடைசிப் பகுதியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளியின் விலகல் வேண்டுமோ, தூரத்தை அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும்.

அப்புறம், மூன்று வடிவங்களின் பரப்பும் பரப்பு மையமும் மனப்பாடமாக இருக்கட்டும். செவ்வகத்தின் மையம் நடுவில். முக்கோணத்தின் மையம், உயரம் சுழியாகும் கூர்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். சீரான சுமையில் வரும், கூர்முனையில் தரையைத் தொட்டுக்கொண்டு மேலேறும் பரவளையத் துண்டுக்குப் பரப்பு அகலம் × உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதன் மையம் கூர்முனையிலிருந்து நான்கில் மூன்று பங்கு தூரத்தில்.

## 3. முதலில் மொமென்ட் வரைபடம், I-ஐ நினைக்காமல்

இந்தக் கட்டத்தில் பிளேட் இருப்பதையே மறந்துவிடுங்கள். கேன்டிலீவரின் மொமென்ட் சுமையையும் தூரத்தையும் மட்டுமே பொறுத்தது. பீம் எவ்வளவு தடிமன் என்பது அதற்குத் தெரியாது. I மாறுகிறதே என்று மொமென்ட் வரைபடத்திலேயே B-யில் உடைப்பு போடுபவர்கள் இங்கேதான் முதல் தவறைச் செய்கிறார்கள்.

நுனியிலிருந்து தொடங்குங்கள். அப்படிச் செய்தால் சுவரின் எதிர்வினையைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை.

```
M_C = 0
M_B = 6 × 1.5 = 9 kNm
M_A = 6 × 2.5 = 15 kNm
```

C-யில் சுழி, A-யில் 15, இடையில் ஒரே நேர்கோடு. சுமை கீழ்நோக்கி இருப்பதால் பீமின் மேல்பக்கம் இழுபடுகிறது. எனவே மொமென்ட் முழுவதும் எதிர்க்குறி. எல்லா இடத்திலும் குறி ஒன்றே என்பதால் எண்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, திசையைக் கடைசியில் சொல்லலாம்.

## 4. M/EI வரைபடம்: B-யில் இரண்டு உயரங்கள்

இனிதான் I உள்ளே வருகிறது. ஒவ்வொரு பகுதியின் மொமென்டையும் அந்தந்தப் பகுதியின் EI-ஆல் வகுக்க வேண்டும். E எங்கும் ஒன்றே. BC-யின் EI-ஐ அடிப்படையாக வைத்து, எல்லா உயரத்தையும் 1/EI-இன் மடங்காக எழுதுவது வசதி.

```
C :            0
B (C பக்கம்) :  9/EI
B (A பக்கம்) :  9/2EI  = 4.5/EI
A :            15/2EI = 7.5/EI
```

B-யில் ஒரே புள்ளிக்கு இரண்டு உயரங்கள் வருகின்றன. இந்த வரைபடம் B-யில் செங்குத்தாக 9-லிருந்து 4.5-க்கு விழுகிறது. அப்படியே விட்டுவிடுங்கள், அதைச் சரிகட்ட முயல வேண்டாம்.

இங்கே ஒரு சந்தேகம் வருவது இயல்பு. வரைபடம் குதித்தால், பீமின் சாய்வும் B-யில் குதித்துவிடாதா? குதிக்காது. M/EI என்பது வளைவு. வளைவு B-யில் சட்டென்று மாறுகிறது. சாய்வு அந்த வளைவைச் சேர்த்துக்கொண்டே வரும் கூட்டுத்தொகை, அதாவது பரப்பு. ஒரு செங்குத்துக் கோட்டுக்கு அகலம் இல்லை, எனவே பரப்பும் இல்லை. B-யில் பீம் மடியாமல், தொடர்ச்சியாகவே இருக்கிறது.

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. A-யில் 7.5 என்று சரியாகக் குறித்துவிட்டு, அதிலிருந்து B-யின் 9-க்கு நேராகக் கோடு இழுத்துவிடுகிறார்கள். 4.5 என்ற உயரமே காணாமல் போகிறது. அப்படிப் போட்டால் இறக்கம் 15.9 மி.மீ. வரும். பார்க்க நியாயமான எண்ணாகத்தான் இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதைப் படத்திலேயே பிடித்துவிடலாம். AB-க்குள் I மாறவில்லை. அப்படியானால் அந்தப் பகுதிக்குள் M/EI கோடு, மொமென்ட் கோடு சாயும் அதே பக்கம்தான் சாய வேண்டும். மொமென்ட் A-யிலிருந்து B-க்குக் குறைகிறது. உங்கள் M/EI கோடு அங்கே ஏறினால், B-யில் தவறான உயரத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

## 5. வரைபடத்தைத் துண்டு போடுதல்

BC பகுதி ஒரு முழு முக்கோணம். AB பகுதி ஒரு சரிவகம். சரிவகத்தின் மையத்துக்குத் தனிச் சூத்திரம் இருக்கிறது. ஆனால் தேர்வு அவசரத்தில் அதில் மேல், கீழ் பக்கங்களை மாற்றிப் போடுவது சகஜம். 4.5 உயரச் செவ்வகமாகவும், அதன் மேல் 3 உயர முக்கோணமாகவும் பிரித்துவிடுவது நல்லது. ஒரு வரி கூடுகிறது, ஆனால் பிழைக்கு இடம் குறைகிறது.

மூன்று துண்டுகளின் பரப்பும், C-யிலிருந்து ஒவ்வொன்றின் மையம் இருக்கும் தூரமும்:

```
1. BC முக்கோணம் : ½ × 1.5 × 9 = 6.75   தூரம் = ⅔ × 1.5     = 1.0
2. AB செவ்வகம்  : 1 × 4.5     = 4.5    தூரம் = 1.5 + 0.5   = 2.0
3. AB முக்கோணம் : ½ × 1 × 3   = 1.5    தூரம் = 1.5 + ⅔ × 1 = 2.167
```

மூன்றாவது வரியை நிதானமாகப் பாருங்கள். அந்த முக்கோணத்தின் கூர்முனை B-யில், அகன்ற பக்கம் A-யில். எனவே மையம் B-யிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, A-யை நெருங்கி இருக்கிறது. அதோடு BC-யின் 1.5 மீட்டரைக் கூட்ட வேண்டும். இந்த 1.5-ஐ விட்டுவிடுவதும், மூன்றில் இரண்டுக்குப் பதில் மூன்றில் ஒன்று போடுவதும் அடிக்கடி நடக்கிறது. துண்டின் மேல் ஒரு சிறு புள்ளி வைத்து, அதிலிருந்து C வரை அம்புக்குறி போட்டுத் தூரத்தை எழுதினால் இரண்டு தவறும் கண்ணில் பட்டுவிடும்.

## 6. நுனிச் சாய்வு

A சுவரில் பிடிபட்டிருக்கிறது. அங்கே சாய்வு சுழி. எனவே A-க்கும் C-க்கும் இடையே நடந்த மாற்றம் முழுவதும் C-யின் சாய்வுதான்.

```
θ_C = (6.75 + 4.5 + 1.5)/EI = 12.75/EI
```

A-யில் சாய்வு சுழியாக இல்லாவிட்டால் இந்தப் பரப்பு வெறும் மாற்றத்தைத்தான் சொல்லும், சாய்வைச் சொல்லாது. விடையில் "A-யில் சாய்வு சுழி, எனவே" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

## 7. நுனி இறக்கம்

இங்கே தொடுகோட்டைப் பற்றி யோசிக்காமல் சூத்திரத்தில் குதிப்பவர்களே அதிகம். ஒரு நிமிடம் நிறுத்திப் படம் போடுங்கள். A-யில் தொடுகோடு வரைந்தால் அது கிடைமட்டமாக, சுமை ஏறும் முன் பீம் இருந்த கோட்டின் மேலேயே போகிறது. எனவே அந்தத் தொடுகோட்டிலிருந்து C எவ்வளவு கீழே இருக்கிறதோ, அதுவே C-யின் உண்மையான இறக்கம். கேன்டிலீவருக்கு இந்த முறை இவ்வளவு எளிதாக அமைவதற்கு இதுதான் காரணம்.

தூரத்தை ஏன் C-யிலிருந்து அளக்கிறோம் என்பதும் இங்கே புரிந்துவிட வேண்டும். பீமின் ஒவ்வொரு சின்னத் துண்டையும் ஒரு கதவுக் கீல் போல நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு கொஞ்சம் திரும்பினால், அதற்கு அப்பால் உள்ள பகுதி முழுவதும் விறைப்பாகச் சேர்ந்து திரும்புகிறது. நுனி எவ்வளவு இறங்கும்? திரும்பிய கோணத்தை, அந்தத் துண்டிலிருந்து நுனி வரை உள்ள தூரத்தால் பெருக்கிய அளவு. எல்லாத் துண்டுகளின் பங்கையும் கூட்டினால் அதுதான் C-யைச் சுற்றிய மொமென்ட்.

```
δ_C = (6.75 × 1.0 + 4.5 × 2.0 + 1.5 × 2.167)/EI
    = (6.75 + 9.0 + 3.25)/EI
    = 19.0/EI
```

மொத்தம் 19-இல் 12.25 பங்கு, பிளேட் வைத்துக் கெட்டியாக்கிய 1 மீட்டரிலிருந்து மட்டும் வருகிறது. அங்கே மொமென்டும் அதிகம், நுனியிலிருந்து தூரமும் அதிகம். பிளேட் இல்லாவிட்டால் அந்தப் பகுதியின் பங்கு மட்டும் 24.5 ஆகியிருக்கும். பிளேட்டை ஏன் சுவர்ப் பக்கம் வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

## 8. எண்ணாக மாற்றும்போது அலகு

இதுவரை எல்லாம் கிலோநியூட்டனிலும் மீட்டரிலும் போயிருக்கிறது. எனவே EI-உம் அதே அலகில் இருக்க வேண்டும். ஸ்டீலின் E 2 × 10⁵ நியூட்டன்/மி.மீ². அதை மாற்றுவோம்.

```
E  = 2 × 10⁵ N/mm²  = 2 × 10⁸ kN/m²
I  = 726.4 cm⁴      = 7.264 × 10⁻⁶ m⁴
EI = 1452.8 kNm²

θ_C = 12.75/1452.8 = 0.00878 rad
δ_C = 19.0/1452.8  = 0.01308 m = 13.1 mm
```

இங்கே போட வேண்டிய I, BC-யின் I. கடைசி நேரத்தில் 2I-ஐப் போட்டுவிட்டால் விடை பாதியாகிவிடும், ஏனென்றால் பிளேட்டின் பங்கை 4-ஆம் கட்டத்திலேயே கணக்கில் சேர்த்தாகிவிட்டது.

சாய்வு ரேடியனில் வருகிறது. பாகையில் கேட்டால் சுமார் 0.5 பாகை. திசையையும் எழுதுங்கள்: சுவர் இடப்பக்கம் இருந்தால் நுனி வலஞ்சுழியாகத் திரும்பி, கீழே இறங்குகிறது. இறக்கம் 13.1 மி.மீ., அனுமதி 16.7 மி.மீ. பீம் போதும்.

## 9. விடை சரிதானா என்று பார்க்க

மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது இரண்டே வரி. பீம் முழுக்க I என்றால் இறக்கம் 31.25/EI. முழுக்க 2I என்றால் அதில் பாதி, 15.625/EI. நம் விடை 19.0/EI, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சாய்வையும் இதே போலப் பாருங்கள்: 18.75-க்கும் 9.375-க்கும் நடுவில் 12.75. நடுவில் இல்லாவிட்டால் எங்கோ பெரிய தவறு. நடுவில் இருந்தாலும் சரி என்று அர்த்தமில்லை. 4-ஆம் கட்டத்தில் சொன்ன 15.9 மி.மீ. விடையும் இந்தச் சோதனையைத் தாண்டிவிடும்.

இரண்டாவது சோதனை தூரங்களைப் பிடிக்கும். அதே மூன்று பரப்புகளுக்கும் இந்த முறை A-யிலிருந்து தூரம் எடுத்து மொமென்ட் போடுங்கள்.

```
6.75 × 1.5 + 4.5 × 0.5 + 1.5 × 0.333 = 12.875
19.0 + 12.875 = 31.875
12.75 × 2.5   = 31.875
```

எந்தத் துண்டின் மையமும் A-யிலிருந்து உள்ள தூரத்தையும் C-யிலிருந்து உள்ள தூரத்தையும் கூட்டினால் 2.5 மீட்டர் வந்தாக வேண்டும். எனவே இரண்டு மொமென்டின் கூட்டல், மொத்தப் பரப்பு × நீளம் ஆகும். A-யிலிருந்து தூரத்தை புதிதாகப் படத்தைப் பார்த்து எடுங்கள். 2.5-இலிருந்து கழித்து எடுத்தால் தவறான தூரமும் பொருந்திப் போகும்.

இந்த 12.875-ஐயே இறக்கம் என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. அது C-யின் தொடுகோட்டிலிருந்து A எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. C-யின் தொடுகோடு சாய்ந்த கோடு, அதனால் இந்த எண்ணுக்கும் நுனி இறக்கத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. A-யிலிருந்து தூரம் அளந்தால் கிடைப்பது இதுதான்.

மூன்றாவது சோதனை கொஞ்சம் நீளம், ஆனால் நம்பிக்கை தரும். B-யில் நிறுத்துங்கள். AB-யின் இரண்டு துண்டுகளிலிருந்து B-யின் சாய்வு 6.0/EI. B-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் B-யின் இறக்கம் 4.5 × 0.5 + 1.5 × 0.667 = 3.25/EI. B-யில் சாய்ந்து நிற்கும் பீம், BC வழியே நேராகப் போனால் நுனி இன்னும் 6.0 × 1.5 = 9.0 இறங்கும். அதற்கு மேல் BC தானே வளைவது 6 × 1.5³/3 = 6.75. மொத்தம் 19.0.

இந்த வழியிலிருந்து ஒரு சூத்திரமும் கிடைக்கிறது. சுவர்ப் பக்கம் 2I, நுனிப் பக்கம் b நீளத்துக்கு I, நுனியில் P என்றால்:

```
δ_C = P (L³ + b³) / (6EI)
```

16.7 மி.மீ. வரை போகலாம் என்று வைத்து b-யைக் கண்டுபிடித்தால் சுமார் 2.05 மீட்டர் வருகிறது. அதாவது இறக்கத்துக்காக மட்டும் பார்த்தால் அரை மீட்டருக்கும் குறைவான பிளேட்டே போதும். b மும்மடிப் பெருக்கமாக வருவதால் சுவரை ஒட்டிய முதல் அரை மீட்டருக்கு இவ்வளவு வலு. ஆனால் பிளேட் முடியும் இடத்தில் விசை வெல்டு வழியாக மெல்ல மெல்லத்தான் பிளேட்டுக்குள் ஏறும். பிளேட்டின் கடைசி நுனி முழுதாக வேலை செய்யாது. எனவே கணக்கில் வரும் நீளத்தை அப்படியே வெட்டக் கூடாது, தாண்டி நீட்ட வேண்டும்.

## 10. சீரான சுமை சேர்ந்தால்

அதே பீமில் தளத்தின் எடை மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்று சேர்ப்போம். இதைத் தனியாகப் போட்டுக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம்.

BC-யில் சிக்கல் இல்லை. B-யில் மொமென்ட் 2 × 1.5²/2 = 2.25. பரவளையத் துண்டின் பரப்பு ⅓ × 1.5 × 2.25 = 1.125. மையம் C-யிலிருந்து ¾ × 1.5 = 1.125. பரப்பும் தூரமும் ஒரே எண்ணாக வருவது தற்செயல்.

சிக்கல் AB-யில். அங்கேயும் வரைபடம் பரவளையம்தான், ஆனால் அது நடுவில் வெட்டுப்பட்ட பரவளையம். அதன் கூர்முனை C-யில் இருக்கிறது, B-யில் இல்லை. அதனால் மூன்றில் ஒன்று, நான்கில் மூன்று என்ற அளவுகள் அந்தத் துண்டுக்குப் பொருந்தாது. செவ்வகத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் தவறுதான், ஏனென்றால் மிச்சம் B-யில் தரையைத் தொட்டுக்கொண்டு தொடங்குவதில்லை, சாய்வோடு தொடங்குகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பீமை B-யில் வெட்டி, BC-யின் விளைவை B-யில் ஒரு மொமென்டாகவும் ஒரு விசையாகவும் மாற்றிவிடுங்கள். மொமென்ட் 2.25, விசை 2 × 1.5 = 3. இப்போது AB ஒரு தனிக் கேன்டிலீவர். அதன் நுனியில் ஒரு மொமென்ட், ஒரு விசை, மேலே சீரான சுமை. மொமென்ட் செவ்வகத்தைத் தரும், விசை முக்கோணத்தைத் தரும், AB மேல் உள்ள சுமை B-யில் கூர்முனை கொண்ட ஒழுங்கான பரவளையத்தைத் தரும். மூன்றுக்கும் உங்களுக்குத் தெரிந்த சூத்திரங்களே போதும்.

A-யில் மூன்றின் உயரங்கள் 2.25, 3, 1. கூட்டினால் 6.25. நேரடியாக 2 × 2.5²/2 போட்டாலும் 6.25. இந்தச் சரிபார்ப்பை முடிக்காமல் மேலே போக வேண்டாம். பிறகு மூன்றையும் 2-ஆல் வகுத்து:

```
BC பரவளையம் : 1.125          × 1.125 = 1.266
AB செவ்வகம்  : 1.125          × 2.0   = 2.25
AB முக்கோணம் : ½ × 1 × 1.5    × 2.167 = 1.625
AB பரவளையம் : ⅓ × 1 × 0.5    × 2.25  = 0.375

θ_C = 3.167/EI = 0.00218 rad
δ_C = 5.516/EI = 3.8 mm
```

சரிபார்க்க, AB-யின் மூன்று பங்கையும் இரட்டித்து BC-யின் பங்கோடு கூட்டுங்கள். 8.5 + 1.266 = 9.766. பீம் முழுக்க I என்றால் வரும் wL⁴/8-உம் அதே எண்தான்.

இரண்டு சுமையும் சேர்ந்து நுனி 16.9 மி.மீ. இறங்கும், சாய்வு 0.0110 ரேடியன். 16.7 மி.மீ. வரம்பு லைவ் லோடுக்கு உரியது, எனவே அதை முன்பு வந்த 13.1-ஓடுதான் ஒப்பிட வேண்டும்.

## 11. இந்த எண்ணை எங்கே நம்பலாம், எங்கே கூடாது

கணக்கு முழுவதும் A-யில் சாய்வு சுழி என்ற ஒரே பிடியில் நிற்கிறது. உண்மையில் சுவரோ தூணோ கொஞ்சம் திரும்பினால், முழு பீமும் அதோடு திரும்பும். பிடிப்பில் 0.002 ரேடியன் திரும்பினால்கூட நுனியில் 0.002 × 2500 = 5 மி.மீ. கூடிவிடும். லைவ் லோடுக்குக் கணக்கிட்ட 13.1-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. செங்கல் சுவரில் சும்மா செருகிய பீமுக்கும், மூன்று போல்ட்டில் தொங்கும் இணைப்புக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. பீம் சுவருக்குள் நல்ல நீளம் போய் உள்பக்கம் தளத்தோடு சேர்ந்திருந்தால், உள்பக்கப் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டு A-யின் சாய்வைக் கண்டுபிடித்து, அதை 2.5-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, ஸ்டீல் மீளும் எல்லைக்குள் இருக்க வேண்டும். தகைவை A-யில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். B-யிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே மொமென்ட் குறைந்தாலும் குறுக்குவெட்டும் சட்டென்று மெலிகிறது. 6 கிலோநியூட்டனுக்கு A-யில் சுமார் 82, B-யில் சுமார் 93 நியூட்டன்/மி.மீ². அதிகத் தகைவு சுவரில் இல்லை, பிளேட் முடியும் இடத்தில் இருக்கிறது. தளத்தின் எடையையும் சேர்த்தால் இரண்டும் 116-ஐ ஒட்டி வருகின்றன. 250 யீல்டு தகைவுள்ள சாதாரண ஸ்டீலுக்கு இது எல்லைக்குள்தான்.

வெட்டு விசையால் வரும் கூடுதல் இறக்கத்தை இந்த முறை கணக்கில் எடுப்பதில்லை. 150 மி.மீ. ஆழத்துக்கு 2.5 மீட்டர் நீளம் இருக்கும்போது அதை விட்டுவிடலாம். ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளமே உள்ள குட்டைப் பிராக்கெட் என்றால் அதைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.